ஒன்பது பேர் சொல்லாதது

பேசாத ஒன்பது பேரைப் பேசியதாக எழுதினேன். "இந்த மாதிரி ஆளு நம்ம வீட்டுக்கு வந்ததில்லீங்க" என்று சொன்ன ஒரே ஆளை, முதலாளி அம்மாவின் முன்னால் வாயடைக்க வைத்தேன். சில மாதங்களில் அந்த ஆளுக்கு வேலை போனது, இருந்த அறையும் போனது. அப்போது எனக்கு வயது அறுபத்து நான்கு. இள ரத்தம் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

முப்பது வருடம் சென்னையில் விளம்பர வாசகம் எழுதிப் பிழைத்தவன் நான். சோப்புக்கும் சிமெண்டுக்கும் ஒரே மாதிரி உருகி எழுதுவேன். ஓய்வு பெற்றதும் கொடைக்கானலில் ஏழு ரோடு பக்கம் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, இனி ஒரு வரிகூட விற்பனைக்கு எழுதுவதில்லை என்று சபதம் செய்தேன். சபதம் நான்கு மாதம் நின்றது.

அதைக் கலைத்தவர் மதுரையில் ஓய்வு பெற்ற ஒரு டாக்டரம்மா. பழனியிலிருந்து மலை ஏறும் ரோட்டில், வடகவுஞ்சி தாண்டி, அவருக்கு ஆறு அறைகள் கொண்ட ஒரு காட்டேஜ் இருந்தது. அதற்கு இணையத்தில் ஒரு பக்கமும் இருந்தது; அதை வைத்து விளம்பரம் செய்ய விரும்பினார். காட்டேஜை நடத்தியது ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்மணி. குழந்தையாக இருந்தபோது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு திரும்பி வந்தவர். சமையல், அறை துடைப்பது, போனில் பதிவு எடுப்பது எல்லாம் அவர்தான். கணவர் விறகும் தோட்டமும் பார்த்தார். இருவரும் சமையலறைக்குப் பின்னால் ஒரு அறையில் குடியிருந்தார்கள்.

டாக்டரம்மா முதல் நாளே வெளிப்படையாகச் சொன்னார். "இந்தச் சித்திரை, வைகாசி சீசன்ல ரூம் நிரம்பணும் சார். நிரம்பலைன்னா ஆளை மாத்திப் பார்க்கப் போறேன். வேற வழி தெரியலை." அந்தப் பெண்மணி அப்போது வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கேட்டிருக்கும். கேளாதது போல் ஒரு போர்வையை இரண்டு தடவை உதறினார்.

நான் டாக்டரம்மாவுக்கு ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். விளம்பர வாசகத்தைக் கடைசியில்தான் எழுத வேண்டும் என்றேன். முதலில் இங்கே வந்து தங்கியவர்களிடம் பேச வேண்டும். விசாரித்துவிட்டு வராமல் போனவர்களிடமும் பேச வேண்டும். "பிடித்ததா" என்று கேட்கக் கூடாது. "கிளம்ப முடிவு செய்த அன்று என்ன நடந்தது, யார் சொன்னார்கள், எதற்குப் பயந்தீர்கள்" என்று கேட்க வேண்டும். பிறகு இணையத்தில் அவர்கள் எழுதிப்போட்ட விமரிசனங்களைப் படித்து, திரும்பத் திரும்ப வரும் சொற்களைக் குறிக்க வேண்டும். பிறகு தேடுபொறியில் என்ன தட்டித் தேடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். மூன்றும் ஒன்றையொன்று ஒத்துக்கொள்ளும் இடத்தில் ஒரு மனிதரின் உருவம் எழும்பும். அந்த ஒருவருக்குத்தான் நாம் எழுதுகிறோம். சொன்னது ஒவ்வொன்றும் சரி. இன்றும் அதில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன்.

சிக்கல் என்னவென்றால், அந்தச் சொற்பொழிவை ஆற்றிவிட்டு வெளியே வந்தபோது பள்ளத்தாக்கிலிருந்து பனி எழுந்து வந்தது. வண்டியில் ஏறுவதற்குள் எனக்கு ஒரு வரி தோன்றிவிட்டது. "பனி மட்டுமே சாட்சி." ஆறு வருடமாக எனக்கு ஒரு நல்ல வரி தோன்றியதில்லை. கிழவனுக்குக் காதல் வந்தால் எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். வீடு போகும் வரை அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். டிரைவர் கண்ணாடியில் இரண்டு முறை என்னைப் பார்த்தார்.

அந்தப் பெண்மணி தங்கியவர்களின் பெயரும் போன் எண்ணும் எழுதிய நோட்டை என்னிடம் கொடுத்திருந்தார். பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தேன். மூவரை அழைத்தேன்.

முதல் ஆள் ஈரோட்டுப் பக்கத்துப் பெரியவர். மனைவியின் மூட்டுவலியைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். "உங்க காட்டேஜ்ல படி இல்லீங்க. அதானுங்க விசயம்" என்றார். நான் பனியைப் பற்றிக் கேட்டேன். "பனிங்களா? இருந்துச்சுங்க. சளி புடிச்சுக்கிச்சு" என்றார். இரண்டாவது ஆள் காலை ஐந்து மணிக்கு வெந்நீர் கிடைத்ததை விட்டு நகரவில்லை. மூன்றாவது, திண்டுக்கல்லில் ஒரு அம்மா. வெங்காயம் பூண்டு சேர்க்காமல் ரசம் வைத்துத் தந்தார்களாம். மாமியார் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாராம். போனை வைத்ததும் எனக்கு அசதியாக இருந்தது. இந்த மூட்டும் ரசமும் என் வரிக்குள் எங்கே போய் உட்காரும்?

மீதி ஒன்பது பேரை நானே எழுதினேன். அழகாக எழுதினேன் என்று சொல்ல இப்போதும் நா கூசவில்லை. "அவளுடைய விரல்களின் சூட்டைத் தவிர அந்த மலையில் வேறு எதுவும் இல்லை" என்று கோயம்புத்தூர் மென்பொருள் பொறியாளர் ஒருவர் என்னிடம் சொன்னார். அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்பது ஒன்றுதான் குறை.

தேடுபொறி விஷயத்தில் நான் செய்தது இன்னும் கெட்டிக்காரத்தனம். ஏழு ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, எந்தச் சொல்லை எவ்வளவு பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் கருவியைத் திறந்தேன். கொடைக்கானல் என்ற சொல்லோடு தேனிலவு என்ற சொல் கொழுத்து உட்கார்ந்திருந்தது. நாடு முழுவதும் யாரோ தேடுவது அது. எங்கள் காட்டேஜின் இணையப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் என்ன தட்டி வந்தார்கள் என்ற பட்டியல், அந்தப் பக்கத்தை நடத்துபவர் மட்டும் திறக்கும் உள்கணக்கிலேயே இருந்தது. அதைத் திறந்தால் என் வரிக்கு ஆபத்து என்று உள்மனதுக்குத் தெரிந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. விமரிசனங்களில் நான்கைப் படித்தேன். பனி என்ற சொல் வந்த ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

ஆக ஒரு உருவம் தயாரானது. புதிதாகக் கல்யாணமான, நல்ல சம்பளம் வாங்கும், தனிமையைத் தேடும் ஜோடி. அதற்கு "பனிக்காதலர்" என்று தலைப்பு வேறு போட்டேன். அந்தத் தாளை இன்று ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடம் காட்டினால், சட்டையை முதலில் தைத்துவிட்டு அதற்குப் பொருந்தும்படி ஆளைச் செய்திருக்கிறாய் என்று சொல்வார்.

மாசி மாதம் காட்டேஜின் சாப்பாட்டு அறையில் கூடினோம். டாக்டரம்மா, நான், டீ கொண்டு வந்து வைத்துவிட்டு நிலைப்படியில் நின்ற அந்தப் பெண்மணி. ஒவ்வொரு மேற்கோளாக வாசித்தேன். குரலை ஏற்றி இறக்கினேன். விரல்களின் சூடு வந்தபோது டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, ஒண்ணு சொல்லலாங்களா" என்றார் நிலைப்படியில் நின்றவர்.

"சொல்லு."

"இந்த மாதிரி ஆளு நம்ம வீட்டுக்கு வந்ததில்லீங்க. வர்றவங்க எல்லாம் பழனியில மொட்டை போட்டுட்டு வேன்ல வர்றவங்க. வந்ததும் மொதல்ல கேக்குறது சுடுதண்ணி. நம்ம வீட்ல பேசினவங்க பேச்சு எனக்குத் தெரியுமுங்க. இது வேற யாரோ பேச்சு."

ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் தாளை மடித்துவிட்டு, "இன்னும் பத்து நாள் கொடுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். நான் சிரித்தேன்.

"நீங்க வர்றவங்களைத்தாம்மா பாக்குறீங்க. வராதவங்களை டேட்டாதான் பாக்கும்" என்றேன்.

"டேட்டா எந்த ரூம்ல தங்குச்சுங்க தொரை?" என்றார் அவர். தோட்டத்து மேலதிகாரியை அழைக்கும் சொல்லை எனக்குக் கொடுத்துவிட்டார். டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. அதனால் அடுத்ததைச் சொன்னேன்.

"படிச்சவங்க பண்ற ஆராய்ச்சி இது. டீ ஆறிடுச்சு, மாத்திக் கொண்டு வாங்க."

அவர் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார். புது டீ வந்தது.

சீசன் வந்தது. விளம்பரம் ஓடியது, இணையப் பக்கத்தின் முகப்பில் ஒரே போர்வைக்குள் ஒரு ஜோடியின் படம், கீழே என் வரி. ஜோடிகள் வந்தார்கள். வந்து பார்த்தால் பக்கத்து அறையில் வழக்கமாக வரும் குடும்பம். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு ஐந்து பிள்ளைகள் காலை ஐந்தரைக்குத் தாழ்வாரத்தில் ஓட்டப்பந்தயம். சுவரோ பலகைச் சுவர். வெந்நீர் விறகு பாய்லரில் காய்ந்து வாளியில் வரும். பள்ளத்தாக்கைப் பார்த்த பால்கனி என்று ஒன்றும் கிடையாது. நான்தான் அதை வரியின் ஓசைக்காகக் கொஞ்சம் உண்டாக்கியிருந்தேன். இன்னொரு பக்கம், குடும்பங்கள் போன் செய்து, "இப்ப ஜோடிங்களுக்கு மட்டுந்தானாங்க?" என்று கேட்டுவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டன. "இல்லீங்க, எப்பவும் போலத்தான், வாங்க" என்று அந்தப் பெண்மணி சொல்லிச் சொல்லிப் பார்த்தாராம். படத்தைப் பார்த்த பிறகு மாமனார் மாமியாரை யார் கூட்டி வருவார்கள்.

கோபமான விமரிசனங்கள் இணையத்தில் ஏறின. சத்தம், வாளி, கவனிப்பு சரியில்லை. டாக்டரம்மா அவற்றை அச்செடுத்து என்னிடம் காட்டினார். "உங்க வேலையை நீங்க செஞ்சிட்டீங்க. ஆளுங்க வந்தாங்க. இங்க கவனிப்புதான் சரியில்லை போல" என்றார்.

உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டாவது வாய்ப்பு. நான் விமரிசனத் தாளைக் கவலையோடு புரட்டிப் பார்த்தேன். "கொஞ்சம் ஃபார்மல் ட்ரெயினிங் தேவைப்படுதுன்னு நினைக்கிறேன்" என்றேன். இந்த வாக்கியத்தைத்தான் என்னால் இன்றுவரை நகைச்சுவையாக்க முடியவில்லை.

ஆனி மாதத் தொடக்கத்தில் புது மேலாளர் வந்தார். பழைய பெண்மணியும் அவர் கணவரும் பாத்திரங்களோடு ஒரு ஜீப்பில் வடகவுஞ்சிக்கு இறங்கிப் போனதாகப் பால்காரர் சொன்னார்.

எனக்கு ஞானம் வந்த விதம் வெட்கக்கேடானது. மனசாட்சி உறுத்தியதால் அல்ல; யாராவது என் வரியைப் பாராட்டியிருக்கிறார்களா என்று தேடப் போனேன். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, முதல் முறையாக அந்தக் காட்டேஜைப் பற்றிய விமரிசனங்கள் எல்லாவற்றையும் பழையதிலிருந்து படித்தேன். என் வரியை ஒரே ஒருவர் எடுத்தாண்டிருந்தார். பனி மட்டுமே சாட்சியாகத் தானும் மனைவியும் வெந்நீருக்காக முக்கால் மணி நேரம் நின்றதாக எழுதியிருந்தார். நல்ல நடை. நானே எழுதியிருக்கலாம்.

சீசனில் ஏறிய கோபமானவை போக, மற்றவை எல்லாம் பழைய குடும்பங்கள் எழுதியவை. ஒரு தாளில் கோடு போட்டு, வரும் சொற்களைக் குறிக்க ஆரம்பித்தேன். சுடுதண்ணி. படி இல்லை. ரசம். வேன் நிறுத்த இடம். கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்த பிள்ளைக்கு எலுமிச்சம்பழம் கொடுத்தது. கோடுகளைக் கூட்டியபோது, இவை எல்லாவற்றையும்விட அதிகமாக ஒரு சொல் இருந்தது. "அக்கா." அந்த அக்கா, அங்கிருக்கும் அக்கா, அக்காவைக் கேளுங்கள். தாள் நிறைய அவர்தான்.

அதன்பிறகுதான் உள்கணக்கைத் திறந்தேன். எங்கள் பக்கத்துக்கு வந்தவர்கள் தட்டிய சொற்கள் வரிசையாக இருந்தன. பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு எத்தனை மணி நேரம். வயதானவர்களோடு தங்கத் தரைத்தளத்தில் அறை. சைவச் சாப்பாடு கிடைக்கும் காட்டேஜ். தேனிலவு என்று வந்தவர்கள் என் விளம்பரத்துக்குப் பிறகு முளைத்தவர்கள். அவர்களும் முகப்பைப் பார்த்துவிட்டு அநேகமாக உடனே வெளியேறியிருந்தார்கள்.

பிறகு அந்த ஒன்பது பேரையும் அழைத்தேன். நான் எழுதியவர்களை அல்ல, நோட்டில் இருந்தவர்களை. விசாரித்துவிட்டு வராமல் போன நான்கு குடும்பங்களையும் அழைத்தேன். பேச விட்டேன். எழுபது வயதில் ஓடக் கற்றுக்கொள்வது போல இருந்தது அது, வாயை மூடிக்கொண்டிருப்பது. அந்தத் திண்டுக்கல் அம்மாவையும் மறுபடி அழைத்தேன்.

"அன்னிக்கு நீங்க பனி பனின்னீங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை" என்றார்.

"பனியை விடுங்கம்மா. கிளம்புறதுன்னு யார் முடிவு பண்ணது?"

"வீட்டுக்காரர் பழனிம்பார். அத்தை மலைக்கு மேல போகணும்பாக. இடம் பாக்குறது, பேக் கட்டுறது, திட்டு வாங்குறது எல்லாம் நானு. ரெண்டு நாளைக்கு யாரும் என்னைய ஒண்ணும் சொல்லாம இருந்தாப் போதும்னுதான் தேடுவேன். அங்க அந்த அக்கா அத்தையப் பாத்துக்கிட்டாக. நான் வெயில்ல ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தேன் சார். வேற ஒண்ணும் பண்ணலை."

அதை அப்படியே எழுதிக்கொண்டேன். மற்ற வீடுகளிலும் பெரும்பாலும் இதே ஆள்தான் வேறு வேறு குரலில் பேசினார். நாற்பதை ஒட்டிய மருமகள். முடிவு செய்பவர் கணவர் என்று எல்லாரும் நினைக்க, இடத்தைத் தேடித் தட்டுவது அவர். பயம், மாமியாரின் முழங்கால். இந்த உருவத்துக்கு நான் எந்தப் பெயரும் வைக்கவில்லை. யாரை அழைக்கக் கூடாது என்றும் கீழே எழுதினேன்: அமைதி வேண்டும் ஜோடிகளை.

பேசியவர்களில் ஏழு பேர், நான் கேட்காமலே, "அக்கா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார்கள்.

தாள்களை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் பஸ்ஸில் போனேன். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று பேர் நிஜம், ஒன்பது பேர் பொய் என்றேன். அன்று நிலைப்படியில் நின்றவர் சொன்னதுதான் சரி என்றேன். இல்லாத பால்கனியையும், ட்ரெயினிங் வாக்கியத்தையும் சொன்னேன். அவர் நெடுநேரம் தாளைப் படித்தார்.

"நோயாளியைத் தொடாமலே ரிப்போர்ட் எழுதுறவங்களை ஆஸ்பத்திரியில பாத்திருக்கேன்" என்றார். "ரிட்டயர் ஆன பிறகு எனக்குன்னு ஒருத்தர் வந்து சேருவார்னு நினைக்கலை."

"அவங்களைத் திரும்பக் கூப்பிடுங்கம்மா."

"கூப்பிடுறேன். வேலை தரலாம். ஆனா பின்னாடி ரூமைப் புதுசா வந்தவருக்குக் குடுத்தாச்சே. அவர் குடும்பத்தோட வந்துட்டார். அவரை எங்க போகச் சொல்றது? நீங்க பண்ணின தப்புக்கு இன்னொருத்தரை இறக்கி விடவா?"

தாள்களை அவர் மேசையிலேயே வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

வடகவுஞ்சிக்குப் போனேன். அந்தப் பெண்மணி காப்பித் தோட்டத்தில் களை எடுக்கும் கூட்டத்தில் இருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். களைக்கொத்தைக் கீழே வைக்கவில்லை. செய்ததை மறைக்காமல் சொன்னேன். பக்கத்தில் இருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அது வேண்டும் என்றுதான் நானும் மெதுவாகப் பேசவில்லை.

"ஒம்போது பேரா?" என்றார்.

"ஒன்பது பேர்."

"நான் நாலோ அஞ்சோ இருக்கும்னு நெனச்சேன்." பக்கத்தில் ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தார். "ஏடி, ஒரு ஆளுக்கு வெரலு சூடா இருந்துச்சின்னு சொன்னேன்ல, அது இவுகதானாம்" என்று அவரிடம் இவர் சொன்னார். கதை ஏற்கெனவே ஊர் சுற்றியிருந்தது.

டாக்டரம்மா வேலைக்குக் கூப்பிடுவதைச் சொன்னேன். அறை இல்லை என்பதையும் சொன்னேன்.

"இங்க இருந்து முத பஸ்ஸு போகயிலயே ஆறரை. அஞ்சு மணிக்கு சுடுதண்ணி யாரு போடுறது? சோலிக்குப் பக்கத்துல இருந்தாத்தான் அந்தச் சோலி. வேணாங்க." இரண்டு களையைக் கொத்தி எறிந்துவிட்டு, "இங்கன ரோட்டோரம் ஒரு வீடு சும்மா கெடக்கு. ரெண்டு ரூமு. தோட்டக்காரர் தர்றேங்கறார். படி இல்ல. நானும் அவரும் எடுத்து நடத்தலாமான்னு பாக்குறோம்" என்றார்.

நான் அவசரப்பட்டேன். "நான் உங்களுக்கு விளம்பரம் எழுதித் தர்றேன். இந்தத் தடவை சரியா..."

"நீங்க எழுத வேணாம்."

அவ்வளவு அமைதியாகச் சொன்னார். என் வாழ்நாளில் என் எழுத்துக்கு வந்த ஒரே நேர்மையான விமரிசனம் அதுதான்.

"உங்களைப் பத்தி ஏழு பேர் கேட்டாங்க" என்றேன் கடைசியில். "அவங்களுக்குச் சொல்லலாமா?"

கொத்தின் பிடியைத் தட்டி மண்ணை உதிர்த்தார். "அவங்களே கேட்டாங்களா, நீங்க கேக்க வச்சீங்களா?"

"அவங்களே."

"அப்ப சொல்லுங்க. எங்க இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க. ஒண்ணும் சேக்காதீங்க."

எண்கள் காட்டேஜின் நோட்டில் இருந்தவை என்பதால் டாக்டரம்மாவிடம் அனுமதி கேட்டேன். "அதையாவது செய்யுங்க" என்றார். ஏழு பேருக்கும் போன் செய்து, அக்கா இப்போது எங்கே இருக்கிறார், அவர் எண் என்ன என்று மட்டும் சொன்னேன். கடைசி ஆளிடம் பள்ளத்தாக்கு அழகு என்று சொல்ல வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

ஏழில் மூன்று குடும்பங்கள் அடுத்த தைப்பூசத்தை ஒட்டி, அவரும் கணவரும் எடுத்து நடத்திய ரோட்டோர வீட்டுக்கு வந்தன. அவை சொல்லி வேறு சில. பிழைப்பு ஓடும் அளவுக்கு ஓடியது, அதற்கு மேல் இல்லை. டாக்டரம்மாவின் காட்டேஜ் நான் மாற்றி எழுதிய எளிய வாசகத்தோடு ஒரு வருடம் பாதி நிரம்பியது. வந்தவர்கள் அக்காவைக் கேட்டார்கள். பிறகு அதை வேறொருவர் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார். சமையலறைக்குப் பின்னால் இருந்த அந்த அறையை அக்காவுக்கு என்னால் திருப்பித் தர முடியவில்லை.

அவர் என்னை மன்னித்ததாகச் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. மறு வருடம் ஒரு நாள் ஏழு ரோட்டில் காய்கறி வாங்க வந்தவர் என் வீட்டைத் தேடி வந்தார். வந்து தங்கிய குடும்பம் ஒன்று இணையத்தில் ஏதோ எழுதியிருக்கிறதாம், இங்கிலீஷில் இருக்கிறதாம். "படிச்சுச் சொல்லுங்க. இருக்குறதை மட்டும்" என்றார். உட்காரச் சொன்னேன், நின்றார். அப்போது என் வீட்டில் கணினி வந்திருந்தது. நான்கு வரிகள் இருந்தன. தண்ணீர் சூடாக இருந்தது. அம்மாவுக்குப் படி ஏற வேண்டியிருக்கவில்லை. கழிவறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை. அடுத்த வருடமும் வருவோம்.

ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். கதவு வந்த இடத்தில் ஒரு கணம் தயங்கி, அதையும் சொன்னேன்.

"ஆமா, அந்தக் கதவு சரியில்லதான்" என்றார். "கீலு மாத்தணும்." பையைத் தூக்கிக்கொண்டு, இரும்புக் கடை எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னேன். போனார்.